ஒன்பதாம் சுற்றில் ஓய்வு

அன்று வாசிகசாலையில் இருந்தவர்கள் இவர்கள்: மாவட்ட நிர்வாக அலுவலகமான கச்சேரியில் கிளார்க்காக இருந்த எங்கள் செயலாளர். பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வருமென்று காத்திருந்த அவருடைய மருமகன், அக்காவின் மகன். கணித ஆசிரியர். சுன்னாகம் சந்தையில் வெங்காயம் வாங்கி விற்கும் வியாபாரி. தையற்காரர். தபாற்கந்தோரில் வேலை செய்பவர். புகையிலைத் தோட்டம் செய்யும் அண்ணனும் தம்பியும். சந்தியில் சைக்கிள் திருத்தும் நான். கதவடியில் கிடந்த வாங்குப் பலகையின் நுனியில், குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து முகாமில் குடும்பத்தோடு இருந்த ஒரு கடற்றொழிலாளி. பத்துப் பேர். செயலாளர் விளையாடுவதில்லை, நடத்துவார். ஆக, சதுரங்கப் போட்டிக்குப் பெயர் கொடுத்தவர்கள் ஒன்பது.

அந்த ஒன்பதுதான் பிரச்சினை என்று செயலாளர் சொன்னார்.

யுத்தமும் பொருளாதாரத் தடையுமாக மின்சாரம் நின்றுபோய், சீனியும் மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் பொன்னாகிவிட்ட காலம். அந்த முறை முதற் பரிசு ஒரு சைக்கிள் ரயரும் ரியூப்பும். வெளிநாடு போன ஊர்க்காரர் ஒருவர் அனுப்பிய காசில் வாங்கி, புதுக் கடதாசி சுற்றி, செயலாளரின் மேசைக்குப் பின்னால் ஆணியில் தொங்கவிட்டிருந்தார்கள். புது ரப்பரின் மணம் அறை முழுக்க அடித்தது. மற்றவர்களுக்கு அது பரிசு. அந்தக் கடற்றொழிலாளிக்கு அது சோறு. கடலுக்குப் போக வழியில்லாமல் போனபின் அவர் தென்மராட்சிப் பக்கம் போய் விறகு ஏற்றிவந்து எங்கள் பக்கம் விற்றுத்தான் பிள்ளைகளைப் பார்த்தார். அவருடைய பின்சில்லு ரயரை எத்தனை தரம் தைத்தேன் என்று எனக்கே தெரியாது. பழைய ரயர்த் துண்டை உள்ளே வைத்து, நைலோன் நூலால் தைத்து, கம்பியால் கட்டி அனுப்புவேன். அனுப்பிவிட்டுப் பின்னேரம் வரைக்கும் தெருவையே பார்த்துக்கொண்டிருப்பேன். எந்த ஆளில்லா வெட்டையில் வெடித்து, விறகோடு விழுந்து கிடக்கிறாரோ என்று.

எனக்கு எதற்கும் அப்படித்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாலு பேர் கூடியிருந்து இலக்கம் கதைத்தால், கழிக்கப்படப்போவது நான்தான் என்று முதலில் தோன்றும். சதுரங்கம் மட்டும் எப்படியோ கொஞ்சம் வந்தது. போட்டியைப் பற்றி அவருக்குச் சொன்னதும் நான்தான். ஒருநாள் தைத்துக்கொண்டிருக்கும்போது, “அண்ணை, உங்களுக்கு செஸ் தெரியுமோ?” என்று சும்மா கேட்டேன்.

“கோயிலடி மண்டபத்திலை பங்குச் சுவாமி பழக்கினவர். கடல் கொந்தளிக்கிற நாளிலை எங்களுக்கு வேறை என்ன வேலை?” என்றார்.

“முதற் பரிசு ரயர்.”

 நான் தைத்துக்கொண்டிருந்த இடத்தையே அவர் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த ஞாயிறு வந்து பெயர் கொடுத்தார்.

“ஒன்பது சரிவராது,” என்றார் செயலாளர். “ஒற்றை எண். சோடி பிடிக்கேக்கை ஒராள் மிஞ்சும். எட்டுப் பேரெண்டால் ஏழு ஞாயிற்றுக்கிழமையோடை அலுவல் முடிஞ்சிடும். கடைசியாப் பேர் குடுத்தவரை அடுத்த முறை பாப்பம்.”

கடைசியாகப் பெயர் கொடுத்தவர் யாரென்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் நான் என் கையிலிருந்த கிரீசைப் பார்த்துக்கொண்டேன்.

வெங்காய வியாபாரிக்கு வாய் சும்மா இராது. “உதென்ன கதை? போன முறை ஏழு பேர்தானே விளையாடினனாங்கள்? ஏழு எப்ப இரட்டை எண்ணாய் வந்தது?”

“அது வேறை.”

“என்ன வேறை? ஒற்றை துலைஞ்சால் சரியெண்டால் நீரும் விளையாடும். பத்தாகும்.”

“செஸ் போட் நாலுதான் கிடக்கு. பத்துப் பேருக்கு அஞ்சு வேணும். அதோடை நான் நடத்திறவன்.”

“தோக்கிறதுக்கு என்னத்துக்குப் போட்? நிலத்திலை கோடு கீறி வைச்சும் தோக்கலாம்.”

தையற்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். செயலாளர் சிரிக்கவில்லை. கணித ஆசிரியரைப் பார்த்தார். ஆசிரியர் நேர்மையாகத்தான் சொன்னார். அதுவரைக்கும் அவரைக் குறை சொல்ல முடியாது.

“ஒற்றை எண்ணிலை செய்யலாம். பத்தாவதா ஒரு வெறுங்கதிரை இருக்கெண்டு வைப்பம். அஞ்சு கதிரை இந்தப் பக்கம், அஞ்சு அந்தப் பக்கம். வெறுங்கதிரை அசையாது. ஒவ்வொரு கிழமையும் மற்ற ஒன்பது பேரும் ஒரே திசையிலை ஒரு கதிரை தள்ளி இருக்கவேணும். எதிரிலை ஆர் இருக்கிறாரோ அவரோடை விளையாட்டு. வெறுங்கதிரைக்கு எதிரிலை வாறவருக்கு அண்டைக்கு ஓய்வு. ஒன்பது சுற்றிலை எல்லாரும் எல்லாரோடையும் ஒருக்கா விளையாடி முடிஞ்சிடும். எல்லாருக்கும் ஒருநாள் ஓய்வு வரும். ஒருத்தருக்கும் இரண்டாந்தரம் வராது. ஓய்வுக்குப் புள்ளி இல்லை. எல்லாருக்கும் வாறதுக்கு என்னத்துக்குப் புள்ளி?”

“ரண்டு ஞாயிறு கூடப் போகும்,” என்றார் செயலாளர்.

“போகட்டுமே. ஞாயிற்றுக்கிழமையிலை இவையள் கப்பலே ஓட்டினம்?” என்றார் வெங்காய வியாபாரி.

வாங்கின் நுனியிலிருந்து கடற்றொழிலாளி அப்போதுதான் வாயைத் திறந்தார். “ஐயா, இடைஞ்சலெண்டால் நான் இருந்து பாத்திட்டும் போவன். ஆனால் விளையாடத்தான் வந்தனான்.”

அதற்குமேல் வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கும் வழியில்லை. அந்த நாட்களில் சாதியை வாய்விட்டுச் சொன்னால், அப்போது ஊரை ஆண்ட இயக்கம் விசாரணைக்குக் கூப்பிடும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. சொல்வதற்குத்தான் பயம். நினைப்பதற்கு இல்லை. அதனால்தான் ஒற்றை, இரட்டை என்று எண்ணின் பின்னால் ஒளித்துக்கொண்டார்கள் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

ஏழு பேர் விளையாடிய முந்தின முறையிலிருந்து எங்கள் வாசிகசாலையில் ஒரு வழக்கம் இருந்தது. யாருக்கு ஓய்வோ அவர் அன்றைக்குச் சும்மா இருக்கக்கூடாது. தேயிலையும் சீனியும் தன் செலவில் கொண்டுவந்து, பின்பக்கத்து அடுப்பில் தண்ணீர் கொதிக்கவைத்து, விளையாடுகிற எல்லோருக்கும் செயலாளருக்கும் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுக்கவேண்டும். ஓய்வெடுப்பவருக்குத்தான் கை சும்மா இருக்கும் என்ற கணக்கு. நல்ல வழக்கமென்று நாங்களே மெச்சிக்கொண்டது.

ஆசிரியர் துண்டுக் கடதாசிகளில் ஒன்றிலிருந்து ஒன்பது வரை எழுதிச் சுருட்டினார். ஒன்றை எடுத்தவருக்கு முதற் சுற்றில் ஓய்வு, இரண்டை எடுத்தவருக்கு இரண்டாம் சுற்றில். கதிரைகளும் அந்த ஒழுங்கில்தான். எனக்கு ஐந்து வந்தது. செயலாளரின் மருமகனுக்கு ஒன்பது. கடற்றொழிலாளிக்கு மூன்று.

“மூண்டாஞ் சுற்றிலை என்ரை தேத்தண்ணி,” என்று அவர் சந்தோஷமாகச் சொன்னார். “இஞ்சி போட்டுத் தாறன். எங்கடை பக்கத்துத் தேத்தண்ணி குடிச்சால் குதிரை தானாய்ப் பாயும்.”

வெங்காய வியாபாரி மட்டும் சிரித்தார். புகையிலைத் தோட்டத்து அண்ணன் தம்பியைப் பார்த்தார். தம்பி நிலத்தைப் பார்த்தார். செயலாளர் எழுந்து தண்ணீர்ப் பானைப் பக்கம் போய் ஆசிரியரைக் கையால் கூப்பிட்டார். இரண்டு பேரும் ஏதோ குசுகுசுத்தார்கள். ஆசிரியர் ஒருதரம் தலையை ஆட்டி மறுத்தது தெரிந்தது. பிறகு மறுக்கவில்லை. அவருடைய மகளுக்கு அந்த வருடம் கச்சேரியில் ஒரு வேலைக்கு விண்ணப்பம் போயிருந்தது. ஊரில் அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

திரும்பி வந்து செயலாளர் சொன்னார்: “ஒரு சின்ன மாற்றம். மூண்டாஞ் சுற்றண்டு பெடியனாலை விளையாட ஏலாது. அண்டைக்கு அவனுக்கு ஏதோ நேர்முகப் பரீட்சை கிடக்கு. ஆனபடியால் மூண்டையும் ஒன்பதையும் மாத்துவம்.”

கடற்றொழிலாளி உடனே, “ஓம் ஐயா, எனக்கு எந்த நாளெண்டாலும் ஒண்டுதான்,” என்றார்.

ஒன்றல்ல. அதை நான் அன்றைக்கே ஆசிரியரிடம் கேட்டேன். 

“மாஸ்டர், கடைசிச் சுற்றிலை ஓய்வெண்டால் அவருக்கு நட்டமெல்லோ? அவர் எட்டு விளையாட்டையும் முடிச்சுப்போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார். மற்றவைக்கு எவ்வளவு எடுத்தால் காணுமெண்டு தெரிஞ்சிருக்கும்.”

“ஆராவது ஒராளுக்கு அந்த நாள் வரத்தானே வேணும், தம்பி,” என்றார். அதுவும் உண்மைதான். சீட்டில் வந்திருந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

மூன்றாம் சுற்று நாளில் மருமகன் எங்கேயும் போகவில்லை. வாசிகசாலைக்குப் பின்னால் நின்று அடுப்பை ஊதிக்கொண்டிருந்தான். எனக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்து தந்தான்.

“நேர்முகப் பரீட்சை எப்பிடி?” என்று கேட்டேன்.

“என்ன பரீட்சை?” என்றான். பொய் சொல்ல அவனுக்குச் சொல்லிக்கொடுக்கக்கூட மறந்துவிட்டார்கள்.

எங்களுக்குக் கண்ணாடிக் குவளையில் தேத்தண்ணீர். கடற்றொழிலாளிக்குத் தகரப் பேணி. அது பழைய பால்மாப் பேணி ஒன்று. ஒவ்வொரு கிழமையும் அதே பேணி. யன்னல் நிலையில் தனியே கவிழ்த்து வைத்திருக்கும். அவர் குடித்து முடித்து, தானே கழுவி, அதே இடத்தில் கவிழ்த்து வைப்பார். அவர் வாய் வைத்த பேணியையே தனியே வைத்தவர்கள், அவர் கையால் ஊற்றிய தேத்தண்ணீரைக் குடிப்பார்களா? கதிரை மாறியதன் காரணம் எனக்கு அந்தப் பேணியைப் பார்த்தபோதுதான் விளங்கியது. அவருக்கு ஓய்வு கொடுக்காமல் இருக்க முடியாது. ஒன்பது பேர் என்றால் எல்லோருக்கும் ஒரு தரம் வந்தே தீரும், எப்படித் திருப்பிப் போட்டாலும் வரும். தள்ளிப்போடத்தான் முடியும். எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளினார்கள். கடைசி நாள் பரிசளிப்பு நாள். அன்றைக்குத் தேத்தண்ணீருக்கு வேறு ஒழுங்கு செய்யலாம்.

அவர் விளையாடிய விதம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. காயைத் தூக்கினால் சத்தமில்லாமல் வைப்பார். அவசரப்பட மாட்டார். என்னோடு விளையாடியபோது, நான் என் ராணி போய்விடுமோ என்று பதறிப் பதறி மூன்று காலாட்களை இழந்தேன். “தம்பி, நீர் இன்னும் வராத அலைக்கு இப்பவே தண்ணி இறைக்கிறீர்,” என்று சொல்லிச் சிரித்தார். தோற்றேன். மருமகனையும் அவர் வென்றார். அன்றைக்கு மருமகன் காய்களை அடுக்காமலே எழுந்து போனான். ஆசிரியரோடு சமநிலை. வெங்காய வியாபாரியிடம் மட்டும் தோற்றார். அந்த ஞாயிறு காலையில் ரயர் வெடித்து, விறகுச் சைக்கிளைக் கைதடியிலிருந்து உருட்டிக்கொண்டே வந்தவர்.  “ஒரு கிழமை பிந்தி விளையாடுவம்,” என்று வெங்காய வியாபாரி சொல்லிப் பார்த்தார். “அட்டவணை அட்டவணைதான்,” என்றார் செயலாளர்.

எட்டாம் சுற்று முடிந்தபோது கணக்கு இப்படி இருந்தது. கடற்றொழிலாளி எட்டு விளையாட்டும் விளையாடி முடித்து ஆறரைப் புள்ளி. மருமகன் ஏழு விளையாட்டில் ஆறு. அவனுக்குக் கடைசிச் சுற்றில் ஆசிரியரோடு ஒரு விளையாட்டு மிச்சம். மற்றவர்கள் யாரும் கிட்ட இல்லை. மருமகன் வென்றால் ஏழு, ரயர் அவனுக்கு. சமநிலை என்றால் இருவருக்கும் ஆறரை, அப்போது ஒருவரோடொருவர் விளையாடியதில் வென்றவருக்கு என்பது விதி, ரயர் கடற்றொழிலாளிக்கு. ஆசிரியரை அந்தப் போட்டியில் யாரும் லேசில் வென்றதில்லை. அரைவாசி விளையாட்டுகளைச் சமநிலையாக்கி எல்லோருக்கும் அலுப்புக் கொடுத்தவர். அந்தக் கிழமை முழுக்க நான் அதையே நினைத்துக்கொண்டு, ஒரு சில்லின் கம்பிகளை இரண்டு தரம் பிழையாகப் பின்னினேன்.

ஒன்பதாம் சுற்று நாள். கடற்றொழிலாளி நேரத்தோடு வந்துவிட்டார். தோய்த்த சேட்டு. கையில் ஒரு கடதாசிப் பொட்டலம்.

“என்னண்ணை உது?”

“இண்டைக்கு என்ரை முறையெல்லே? தேயிலை, சீனி. இஞ்சித் துண்டும் கிடக்கு. சீனிக்குத்தான் பட்ட பாடு.”

அவர் பின்பக்கம் போகத் திரும்பியபோது செயலாளர் மேசையிலிருந்து எழுந்தார்.

“வேண்டாம், வேண்டாம். இண்டைக்குப் பரிசளிப்பு. வீட்டிலையிருந்து பிளாஸ்க்கிலை வருகுது.”

“எல்லாரும் தங்கடை முறையைச் செய்தவை. நானும் செய்யிறன், ஐயா. தண்ணி கொதிக்கவைக்க எவ்வளவு நேரம்?”

“சொல்லுறன் எல்லே. இருங்கோ.”

அவர் பொட்டலத்தோடு வாங்கின் நுனியில் இருந்தார்.

மூன்று பலகைகளில் விளையாட்டு தொடங்கியது. எனக்குத் தையற்காரரோடு. நான் என்ன விளையாடினேன் என்று எனக்குத் தெரியாது. நாலாவது பலகையில் மருமகன் காய்களை அடுக்கிவிட்டு இருந்தான். எதிர்க் கதிரை வெறுமையாகக் கிடந்தது. ஆசிரியர் வரவில்லை.

வராதவருக்காக ஒரு மணித்தியாலம் பார்ப்பது விதி. நாங்கள் பார்த்தோம். வெங்காய வியாபாரி தன் விளையாட்டை விட்டுவிட்டு எழுந்து, “ஆராவது ஓடிப்போய் மாஸ்டரைப் பாருங்கோவன், வீடு கூப்பிடு தூரம்,” என்றார். தபாற்கந்தோர்க்காரர் போனார். வந்து, “இணுவிலிலை ஆரோ செத்த வீடாம். காலமையே போட்டாராம்,” என்றார்.

“அப்ப வேறை ஒரு நாள் வைக்கலாமெல்லோ,” என்றேன் நான். என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன். “போட்டியை முடிவாக்கிற விளையாட்டு. வாற ஞாயிறு வைப்பம்.”

“அட்டவணை அட்டவணைதான்,” என்றார் செயலாளர். “கைதடியிலையிருந்து உருட்டிக்கொண்டு வந்தவருக்கே மாத்தேல்லை. இப்ப மாத்தினால் அநியாயம்.”

மணிக்கூட்டைப் பார்த்தார். மருமகனின் பெயருக்கு நேரே ஒரு புள்ளி போட்டார். ஏழு.

“பத்தாவது ஆள் வெறுங்கதிரை எண்டு மாஸ்டர் சொன்னவர். அந்தக் கதிரையிலை கடைசியிலை அவர்தான் இருந்திருக்கிறார்,” என்றார் வெங்காய வியாபாரி. அன்றைக்கு அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

பிளாஸ்க் வந்தது. கண்ணாடிக் குவளைகளில் ஊற்றினார்கள். யன்னல் நிலையிலிருந்து பேணியை எடுத்து நிமிர்த்தினார்கள். கடற்றொழிலாளி, “எனக்கு வேண்டாம்,” என்றார். மருமகன் ரயரைத் தோளில் மாட்டிக்கொண்டு கைகுலுக்க வந்தபோது குலுக்கினார். “நல்லா விளையாடினீர், தம்பி,” என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை. பொட்டலத்தை மடியில் செருகிக்கொண்டு, சைக்கிளை எடுத்து, தைத்த சில்லு ‘டொக் டொக்’ என்று நிலத்தில் தட்டத் தட்ட முகாம் பக்கம் போனார்.

மருமகன் அடுத்த கிழமை அந்த ரயரைப் பூட்ட என் கடைக்குத்தான் கொண்டுவந்தான். ஊரில் வேறு கடை இல்லை. பூட்டினேன். ஆசிரியர் அதன்பின் காற்றடிக்கக்கூட என் கடையில் நிற்கவில்லை. சந்தியைக் கடக்கும்போது எதிர்ப்பக்க மதிலைப் பார்த்துக்கொண்டு போவார். அவருடைய மகளுக்கு வேலை கிடைக்கவுமில்லை. முகாமை வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். கடற்றொழிலாளியும் குடும்பத்தோடு போனார். பிறகு என்னிடம் தைக்க வரவில்லை. தொண்ணூற்றைந்தில் ஊரோடு இடம்பெயர்ந்து நாங்கள் எல்லோரும் ஒரே தெருவில் மழைக்குள் நடந்தபோதும், விறகு கட்டிய சைக்கிளைக் கண்டால் பின்சில்லைத்தான் பார்த்தேன்.

அந்த இடப்பெயர்வுக்கு முன்னால் ஒன்று நடந்தது. வாசிகசாலையின் வருடாந்தக் கூட்டம். செயலாளர் வரவு செலவு வாசித்தார். செஸ் போட்டி என்ற தலைப்பில், ரயர் வாங்கிய செலவு, காய் வாங்கிய செலவு. பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்: “தேநீர் முறை. எட்டுப் பேர் நிறைவேற்றினர். ஒருவர் நிறைவேற்றவில்லை.”

நான் எழும்பினேன்.  “அவர் கொண்டுவந்தவர். சீனியும் தேயிலையும் கையோடை கொண்டுவந்தவர். போடவேண்டாமெண்டது நீங்கள்.”

“வேண்டாமெண்டது அண்டைக்கு. முறை முறைதானே, தம்பி. அண்டைக்கு என்ரை வீட்டிலையிருந்து வந்த தேத்தண்ணிக்குச் செலவில்லையே? உன்ரை ஆளைக் கண்டால் சொல்லு. ஆக்கினைப்படுத்த இல்லை. கணக்கு ஒழுங்கா இருக்கவேணும், அவ்வளவுதான்.”

கூட்டம் அதை ஏற்றுக்கொண்டது. அவரிடமிருந்து வாசிகசாலைக்கு வரவேண்டிய பாக்கி: முப்பத்தைந்து ரூபா.